பலகையில் இருந்த பிழையும் கைப்பேசி செய்த பிழையும்

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. காரைக்காலிலிருந்து பிரான்சுக்குக் குடியேறிய உறவினர் குடும்பத்தைச் சேர்ந்த மருமகன் அனுப்பியது. அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பழைய இஸ்லாமிய நாணயம் ஒன்றின் அருகே இருந்த விளக்கப் பலகையைப் படமெடுத்து, கைப்பேசியிலேயே தமிழாக்கி அனுப்பியிருந்தார். அந்தத் தமிழில், நாணயத்தில் “குர்ஆன் புராணக்கதை” பொறிக்கப்பட்டுள்ளதாக இருந்தது.

அரை மணி நேரத்தில் குழு கொதித்துவிட்டது. “அல்லாஹ்வின் வேதத்தைப் புராணம் என்கிறார்கள், இதை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்” என்றார் ஒருவர். “கண்டித்து மின்னஞ்சல் எழுத வேண்டும், ஹஜ்ரத் எழுதித் தாருங்கள்” என்றார் இன்னொருவர்.

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்பது அல்குர்ஆன் 49:6 நமக்கு இடும் கட்டளை. ஆகவே மருமகனிடம், “மொழிபெயர்ப்பு வேண்டாம், பலகையின் பிரெஞ்சு வரிகளை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள்” என்று கேட்டேன். “சரி மாமா” என்று அன்றிரவே அனுப்பினார்.

புராணக்கதை என்று கைப்பேசி மாற்றிய சொல் ‘லெஜாந்த்’. அன்றாடப் பிரெஞ்சில் அதற்குப் புனைகதை என்ற பொருள் உண்டு. நாணய ஆய்வில் அதன் பொருள் வேறு: காசின் மேல் பொறித்த எழுத்து. எந்த நாட்டுக் காசானாலும், அதன் எழுத்துவரியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஆக, “குர்ஆன் வாசகம் பொறிக்கப்பட்ட காசு” என்பதே பலகை சொன்னது. நம்மைக் கோபப்படுத்திய வரியில் பிழையே இல்லை. அன்று கண்டனம் அனுப்பியிருந்தால் நாம்தான் வெட்கப்பட்டிருப்போம்.

ஆனால் மூல வரிகளைப் படித்தபோது, குழுவில் யாருமே கவனிக்காத இரண்டு உண்மையான பிழைகள் கண்ணில் பட்டன.

அந்தக் காசு, உமய்யா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் வெளியிட்ட பொன் தீனார். இஸ்லாமிய நாணய வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. அதற்கு முன் பைசாந்திய, பாரசீகக் காசுகளின் சாயலில் உருவப்படங்களோடு நாணயங்கள் அடிக்கப்பட்டன. கலீஃபா வாளேந்தி நிற்கும் உருவம் கொண்ட காசுகளும் சில ஆண்டுகள் வந்தன. 77இல் அடித்த புதிய தீனாரில் உருவம் நீங்கி, எழுத்து மட்டும் நின்றது.

முதல் பிழை ஆண்டில். பலகை 77க்கு நேராகக் கி.பி. 699 என்று போட்டிருந்தது. எப்படி வந்தது என்பது எளிதில் தெரிகிறது: 622உடன் 77ஐக் கூட்டியிருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். எனவே 77ஐ 33ஆல் வகுத்து, வரும் ஏறத்தாழ 2.33ஐ 77இலிருந்து கழித்து, பிறகு 622ஐக் கூட்ட வேண்டும். விடை 696ஐ ஒட்டி வரும். சரியாகச் சொன்னால் ஹிஜ்ரி 77, கி.பி. 696 ஏப்ரலில் தொடங்கி 697 மார்ச் இறுதியில் முடிந்தது. அதனால் பலகையில் 696–697 என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை இன்னும் முக்கியமானது. “கலீஃபா தன் பெயரைக் காசில் பொறித்தார்” என்றது பலகை. அந்தத் தீனாரில் அவர் பெயர் இல்லவே இல்லை. முகப்பின் நடுவில் ஏகத்துவக் கலிமா, அதைச் சுற்றி 9:33 வசனத்தின் பகுதி. பின்புறத்தின் நடுவில் இக்லாஸ் அத்தியாயத்தின் வாசகம், அதைச் சுற்றி பிஸ்மில்லாஹ்வும் காசு அடிக்கப்பட்ட ஆண்டும். அவ்வளவுதான். ஆட்சியாளரின் படத்தோடு பெயரையும் சேர்த்தே அகற்றிய காசு அது. அதில் பெயர் இருந்ததாக எழுதினால் அந்தச் சீர்திருத்தத்தின் பொருளே தலைகீழாகிவிடும். உருவம் தாங்கிய முந்தைய செப்புக் காசுகளில் அப்துல் மலிக்கின் பெயர் உண்டு. பலகை எழுதியவர் அதை இதனோடு கலந்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு சந்தேகமும் எழுந்தது. ஆண்டு உண்மையில் 77தானா? அக்காலக் காசுகளில் எழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. புள்ளி இல்லாவிட்டால் அரபியில் ‘ஸப்உ’ (7), ‘திஸ்உ’ (9) இரண்டுமே நான்கு பற்களும் ஓர் ‘ஐன்’ எழுத்துமாக ஒன்றுபோல் தெரியும். எந்தப் பல் சற்று உயர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: ‘ஐன்’ எழுத்துக்கு முந்தைய பல் உயர்ந்தால் 7, முதல் பல் உயர்ந்தால் 9. 99 என்றால் அது கி.பி. 717–718, அப்துல் மலிக் 705லேயே மறைந்துவிட்டார். கண்ணாடிக்குள் இருந்த காசில் விளக்கொளி பட்டு, மருமகனின் படத்தில் அந்த இடம் மங்கியிருந்தது. தெரியாததைப் பிழை என்று எழுதக் கூடாது. அதனால் அதைக் கேள்வியாக மட்டும் வைத்தோம்.

மின்னஞ்சலை நான் தமிழில் எழுத, மருமகன் பிரெஞ்சில் அமைத்தார். தலைப்பில் காசின் பதிவெண்ணும் கூடத்தின் எண்ணும் இருந்தன. ஒவ்வொரு பிழைக்கும் மூன்றே செய்திகள்: பலகையில் இப்போது உள்ள வாக்கியம், அது ஏன் பொருந்தாது, பதிலாக எது இருக்கலாம். சான்றாக, பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஜான் வாக்கர் தொகுத்து 1956இல் வெளிவந்த உமய்யா நாணயப் பட்டியலைக் குறிப்பிட்டோம். பலகையின் படத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் இணைத்தோம். “முஸ்லிம்கள் மனம் புண்பட்டது” என்ற வரியைச் சேர்க்கலாமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றேன். கூட்டல் பிழை யார் மனத்தையும் புண்படுத்தவில்லை. அப்படி எழுதினால் கடிதம் நாணயப் பிரிவுக்குப் போகாமல் புகார்ப் பிரிவுக்குப் போயிருக்கும்.

மூன்று வாரம் கழித்து, நாணயப் பிரிவுப் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. ஆண்டையும் பெயர் பற்றிய வாக்கியத்தையும் இணையப் பதிவில் உடனே திருத்திவிட்டதாகவும், கூடத்துப் பலகையை அடுத்த முறை அச்சிடும்போது மாற்றுவதாகவும் எழுதியிருந்தார். நம் கேள்விக்காகக் காசை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார். ‘ஐன்’ எழுத்துக்கு முந்தைய பல்தான் உயர்ந்திருக்கிறது; ஆண்டு 77தான் என்று, அருகிலிருந்து எடுத்த படத்தையும் இணைத்திருந்தார்.

அந்தப் படத்தைக் குழுவில் போட்டேன். முதல் நாள் “எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்று எழுதிய சகோதரர், அன்று தான் அனுப்பிய நான்கு குழுக்களிலும் திருத்தம் போட்டுவிட்டதாகத் தெரிவித்தார். அதில் ஒரு குழுவில் அது ஏற்கெனவே வேறெங்கோ போய்விட்டதாம். அதை இனி யார் திருத்துவது என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.