மழைக்காலத்தில் கீபோர்டை மூட்டை கட்டாதீர்கள்



ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் நம் புதுப்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கிறது. பிள்ளை வாசிக்கும் கீபோர்டை பாலித்தீன் பையில் சுற்றி, வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியில் தெர்மோகோலோடு இறக்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பரணில் ஏற்றிவிடுகிறீர்கள். "சார், பத்திரமா எடுத்து வச்சிட்டோம், பொங்கலுக்குத்தான் இறக்குவோம்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். கீபோர்டைக் கெடுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மழையில் நனைந்து கெட்ட கீபோர்டுகளைவிட, இப்படிப் பத்திரமாக வைத்துக் கெட்டவற்றைத்தான் நான் அதிகம் திறந்து பார்த்திருக்கிறேன்.

காரணம் எளிய கணக்குதான். எட்டாம் வகுப்பில் ஒப்புமை ஈரப்பதம் என்று படித்தது நினைவிருக்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் கடற்கரையில் மழைக்கு முந்தைய நாள் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தக் காற்றில் 24 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றோடு சேர்த்துத்தான் நீங்கள் பையைக் கட்டுகிறீர்கள். இரவு மழை பெய்து வெப்பம் 25 டிகிரிக்கு இறங்குகிறது. 25 டிகிரியில் காற்று தாங்குவது 23 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மேல், ரப்பர் மேல், போர்டு மேல் பனி போலப் படியும். அளவு மிகக் குறைவு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் வெளியே போக வழியில்லாததால் காய்வதில்லை. சுற்றியுள்ள அட்டைப் பெட்டியும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு ஈரம் 70, 75 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நீடித்தால் போதும். விரல் அழுக்கும் தூசியும் அதற்குச் சாப்பாடு. இருட்டு, காற்றோட்டமின்மை, ஈரம், சாப்பாடு எல்லாம் கொடுத்து மூன்று மாதம் விட்டால் அது வளராமல் என்ன செய்யும்?

கடலைவிட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு இல்லாத இன்னொரு தொல்லை நமக்கு உண்டு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலை ஒட்டி இருக்கும் எந்த வீட்டிலும் தூசி வெறும் தூசி அல்ல, அதில் உப்பு கலந்திருக்கிறது. அடுப்படி உப்பு ஜாடியைப் பாருங்கள். மழை நாளில் உப்பு கசிந்து நிற்கிறதா? சுமார் 75 சதவீத ஈரத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துத் தானே கரையும். கீபோர்டின் மேலும் உள்ளும் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. உப்புத் தண்ணீர் இரும்புத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும், செம்பைப் பச்சையாக்கும். ஈரமானி வாங்க வேண்டாம். உப்பு ஜாடி கசியும் நாளெல்லாம் கீபோர்டுக்கும் ஆபத்தான நாள் என்று கொள்ளுங்கள்.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். வீட்டில் வாங்கும் 61 கட்டை கீபோர்டில், கட்டைகளுக்குக் கீழே ஒரு நீள ரப்பர் பட்டை இருக்கும். அதில் கட்டைக்கு ஒரு குமிழ், குமிழின் அடியில் கறுப்பான கார்பன் புள்ளி. அமுக்கினால் புள்ளி கீழே உள்ள போர்டைத் தொடும், சத்தம் வரும். மெதுவாக அடித்தால் மெல்லிய சத்தமும், வேகமாக அடித்தால் பெரிய சத்தமும் வருகிற வகையில் ஒரு கட்டைக்கு இரண்டு புள்ளிகள் உண்டு. முதல் புள்ளி தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் உள்ள நேர இடைவெளியை வைத்துத்தான் கருவி வேகத்தைக் கணிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு கட்டை ஊமையாகிவிட்டது, அல்லது மெதுவாகத் தொட்டாலும் திடீரென்று கத்துகிறது, அல்லது மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை பேசுகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அழுக்கோ பூஞ்சையோ உட்கார்ந்திருக்கிறது. மற்ற கட்டைகள் ஒழுங்காகப் பேசும்போது "போர்டே போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

என் மாணவர் ஒருவருடைய மகளின் கீபோர்டு கதை இது. 2024 அக்டோபரில் பெட்டியில் போட்டு பரணில் ஏற்றினார்கள். 2025 பொங்கலுக்கு இறக்கினால் கட்டைகளின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஏழு கட்டை ஊமை, இரண்டு கட்டை கத்துகிறது. பழுது பார்க்கும் கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று புதுசின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். அந்தப் பெண் ஏப்ரலில் கிரேடு தேர்வு எழுத வேண்டியவள், அழுதே விட்டாள். அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரிகளை எடுத்துவிட்டு, அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினோம். திருகுகள் நீளத்தில் வேறுபடும், எது எங்கே இருந்தது என்று ஒரு காகிதத்தில் வரைந்து அதன்மேலேயே குத்தி வைத்தோம். ரப்பர் பட்டையை எடுத்துப் பார்த்தால் போர்டில் செம்புக் கோடு ஒன்றும் அறுந்திருக்கவில்லை, மேலே மங்கலான படலம் மட்டும்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் விடாத துணியில் தொட்டு போர்டின் கறுப்புத் தடங்களை லேசாகத் துடைத்தோம். குமிழின் அடிப்புள்ளிகளை அதைவிட லேசாக. அரை மணி உலரவிட்டுப் பூட்டினோம். ஒன்பதில் எட்டு கட்டை சரியாயிற்று. ஒன்றில் கார்பனே தேய்ந்து போயிருந்தது, அதற்கு மட்டும் ரப்பர் பட்டைத் துண்டு வாங்கிப் போட வேண்டியிருந்தது. போர்டு அப்படியேதான் இருக்கிறது.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கார்பன் போனால் போனதுதான். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள், அதன் எண்ணெய் தங்கி அடுத்த வருஷத் தூசிக்குப் பசையாகும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் உண்டு. சுத்தமான ஆல்கஹால் செல்போன் பழுது பார்க்கும் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறக்கவே வேண்டாம், கம்பெனி சேவை மையத்துக்கே எடுத்துப் போங்கள்.

சரி, மழைக்காலத்தில் எப்படித்தான் வைப்பது? இரண்டே வழி உண்டு. ஒன்று, முழுக்கத் திறந்து வைத்து வாசிப்பது. மற்றொன்று, முழுக்க உலர்த்தி முழுக்க அடைப்பது. நீங்கள் செய்யும் பாதி அடைப்புதான் மூன்றாவது வழி. அதுதான் கெடுக்கிறது.

நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கீபோர்டை ஸ்டாண்டில் வையுங்கள், தரையில் வேண்டாம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வேண்டாம். மேலே ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போடுங்கள், ரெக்சின் உறை வேண்டாம். வேட்டி தூசியைத் தடுக்கும், காற்றை விடும். மழை நாளில் அதுவே ஈரத்தைக் குடிக்கும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இஸ்திரி போட்டு உலர்த்துங்கள். தினமும் கால் மணி நேரம் வாசியுங்கள். பிள்ளைகள் நடுவில் உள்ள இரண்டு ஸ்தாயியை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதனால்தான் கடைசிக் கட்டைகள் முதலில் ஊமையாகின்றன. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை கறுப்பும் வெள்ளையுமாக ஒரே அழுத்தத்தில் ஒருமுறை வாசித்து முடிக்கச் சொல்லுங்கள். அமுக்கும்போது புள்ளியில் படியும் மெல்லிய படலம் உடையும். எந்தக் கட்டை மாறிப் பேசுகிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

துடைப்பதில் ஒரு விஷயம். உலர்ந்த துணி தூசியை எடுக்கும், உப்பை எடுக்காது. வாரம் ஒருமுறை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துச் சொட்டில்லாமல் பிழிந்த துணியால் கட்டையின் நீளவாக்கில் உங்களை நோக்கி இழுத்துத் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் ஈரம் இடுக்கில் இறங்கும். உடனே காய்ந்த துணியால் ஒருமுறை. வாயால் ஊதாதீர்கள், எச்சில்தான் உள்ளே போகும்.

ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு மாதம் வீடு பூட்டியிருக்கும் என்றால் மட்டும் இரண்டாவது வழி. வெயில் காயும் ஒரு மத்தியானம் பேட்டரிகளை எடுத்துவிட்டுத் துடைத்து உலர்த்துங்கள். கனமான பிளாஸ்டிக் பையில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்து டேப்பால் இறுக ஒட்டுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்கள் இரண்டு போட்டால் ஒரே நாளில் நிறைந்துவிடும். நிறம் மாறும் வகை வாங்கினால் தீர்ந்தது தெரியும். அட்டைப் பெட்டி பைக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வேண்டாம். அரிசி போடாதீர்கள், மாவுத்தூசியும் வண்டும்தான் மிச்சம். அந்துருண்டை பூச்சிக்கு, ஈரத்துக்கு அல்ல. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அதை இளக்கவும் செய்யும்.

"மாண்டஸ் மாதிரி புயல் வந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்பீர்கள். 2022 டிசம்பர் 9 இரவு அது மாமல்லபுரம் பக்கம்தான் கரை கடந்தது, மறக்கவில்லை. அந்த இரண்டு நாள் பாலித்தீன் போட்டு மூடுங்கள், தவறில்லை. மழை நின்ற அன்றே எடுத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே போய்விட்டதென்று சந்தேகம் வந்தால் "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடவே கூடாது. மின்சாரம் ஓடும் ஈரப் போர்டில்தான் செம்புக் கோடு அரித்துப் போகும். பேட்டரியை எடுத்து, கவிழ்த்து வைத்து, திறந்து உலர்த்திய பிறகுதான் மின்சாரம்.

ஏற்கெனவே பரணில் ஏற்றியவர்கள் இந்த ஞாயிறே இறக்குங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் வீட்டுக்குள் தட்டாமல் மூக்கை மூடிக்கொண்டு மாடியில் வைத்துத் துடையுங்கள். பிறகு இடது கோடியிலிருந்து வலது கோடி வரை வாசித்துப் பார்த்து, எத்தனை கட்டை ஊமை என்று கீழே எழுதுங்கள். எண்ணிக்கையைப் பார்த்தபின் என்னோடு வாதம் செய்யலாம்.