மழை ஊருக்கு கார் வாங்கப் போறீங்களா? பின்பக்கக் கண்ணாடியை முதல்ல பாருங்க!

போன வாரம் கூடலூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏம்மா, ஒரு ஹேட்ச்பேக் பார்த்து வெச்சிருக்கேன். பேஸ் மாடலே போதும்ல? அடுத்த வேரியன்ட்டுக்கு 65 ஆயிரம் அதிகமா கேட்கறாங்க. பின்னாடி ஒரு வைப்பர், கண்ணாடியில நாலு கோடு. அதுக்கா இவ்வளவு?"

"பெரியப்பா, நீங்க இருக்கிறது கூடலூர். அந்த நாலு கோடுதான் முக்கியம்" என்றேன்.

ஜூன் வந்தால் கூடலூரில் மழை விடாது. போன வருஷம் நண்பர் ஒருவரின் காரில் நடுவட்டம் வழியாக ஊட்டியிலிருந்து இறங்கினோம். பின் கண்ணாடி முழுக்க சேறும் ஆவியும். ஹாரன் அடித்த பிறகுதான் ஒரு பஸ் பின்னால் ஒட்டி வருவதே தெரிந்தது. அதில் வைப்பரும் இல்லை, டீஃபாகரும் இல்லை.

ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி. இரண்டுக்கும் பின்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல முடியும். ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழலும். டயர் வாரி அடிக்கும் சேற்றுநீரை அந்தச் சுழல் மேலே இழுத்துக் கண்ணாடியில் பூசிவிடும். செடானில் கண்ணாடி சாய்வாக இருப்பதால், காற்று அதன் மேல் வழுக்கிப் போகும். டிக்கியும் சேற்றைத் தடுக்கும். அதனால்தான் பெரும்பாலான செடான்களில் பின் வைப்பர் இருக்காது. ஹேட்ச்பேக்கில் அது இல்லாவிட்டால் சிக்கல்.

வைப்பர் வெளிச்சேற்றைத்தான் துடைக்கும். உள்ளே படியும் ஆவிக்கு டீஃபாகர் வேண்டும். கண்ணாடியில் தெரியும் மெல்லிய கோடுகள் மின்சாரத்தில் சூடாகி ஆவியைப் போக்கும். முன்கண்ணாடிக்கு ஏ.சி. காற்று நேராக வரும். பின் கண்ணாடிக்கு வராது.

"வெளியில பிட் பண்ணிக்கலாம்ல?" என்று கேட்டார் பெரியப்பா. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முன் வைப்பர் பிளேடு, சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பிறகு மாற்றலாம். ஆனால், பின் கண்ணாடி டஃபண்ட் கிளாஸ். அதில் துளை போட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். டீஃபாகர் கோடுகளும் தயாரிக்கும்போதே கண்ணாடியோடு சுட்டுப் பதிக்கப்படுபவை. பிறகு வேண்டுமென்றால் கண்ணாடியையே மாற்றி, வயரிங், ஸ்விட்ச் எல்லாம் புதிதாகப் போட வேண்டும்.

ரிவர்ஸ் கேமரா இருந்தால் போதாதா? பல கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டுமே அது வேலை செய்யும். லென்ஸில் ஒரு துளி சேறு பட்டாலும் படம் மங்கிவிடும். மலைப்பாதையில் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க அது உதவாது.

பெரியப்பாவை மழை நாளில் டெஸ்ட் டிரைவ் போகச் சொல்லி, மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, டிரைவர் சீட்டில் உங்கள் உயரத்துக்கு உட்கார்ந்து முன் வைப்பரை ஓடவிடுங்கள். வலதுபக்கத் தூணை ஒட்டி, துடைக்கப்படாமல் ஒரு பட்டை மிஞ்சும். அது எவ்வளவு அகலம் என்று பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது எதிர்வண்டி தெரிய வேண்டியது சரியாக அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, நாலு பேர் உட்கார்ந்து, ஜன்னலை மூடி, ஏ.சி.யை நிறுத்தி சில நிமிடங்கள் பேசிக்கொண்டிருங்கள். கண்ணாடியில் ஆவி படியும். இப்போது முன்கண்ணாடி டீஃபாக் பட்டனை அழுத்துங்கள். சில கார்களில் ஏ.சி.யும் வெளிக்காற்றும் தானாக ஆன் ஆகும். சிலவற்றில் நாம்தான் போட வேண்டும். ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் ஆவி போகிறது. அதனால் குளிர் ஊரிலும் ஏ.சி. வேண்டும், சூட்டைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். உள்காற்றே சுற்றும் பட்டன் ஆனில் இருந்தால் ஆவி லேசில் போகாது.

மூன்றாவது, பக்கவாட்டுக் கண்ணாடியில் சைடு மிரர் தெரியும் இடம் தெளிகிறதா என்று கவனியுங்கள். ஓரத்து வென்ட் காற்று அங்கே எட்டாவிட்டால், துணியால் துடைத்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. புழுக்கமான மழை இரவில் ஏ.சி.யின் குளிர்க்காற்று முன்கண்ணாடியில் பட்டால், ஆவி வெளிப்பக்கம் படியும். வைப்பரைப் போட்டதும் தெளிந்தால் ஆவி வெளியே என்று அர்த்தம். குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள்.

புக் செய்யும் முன் வேரியன்ட் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். சில மாடல்களில் டீஃபாகர் ஒரு வேரியன்ட்டிலும், பின் வைப்பர் அதற்கு மேலேயும் இருக்கும்.

நேற்று பெரியப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "அலாய் வீல் வேண்டாம்னுட்டேன். நாலு கோடும் வைப்பரும் வாங்கிட்டேன்."