எல்.கே.ஜி.யில் தோட்டம் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரரிடம், தனக்கு வாண்டர்லஸ்ட் அதிகம் என்று ஆங்கிலத்தில் சொன்னானாம். அவர், "எந்த மலையில் நடப்பீர்கள்?" என்று கேட்டாராம். "தப்பாப் பேசிட்டேனா சார்?" என்றான்.

தப்பே இல்லையடா. ஜெர்மனில் 'வாண்டர்ன்' என்றால் காடு மலைகளில் நடந்தே போவது. 'லுஸ்ட்' என்றால் ஆசை. ஆங்கிலத்துக்கு வந்ததும் அது ஊர் சுற்றும் ஆசையாகிவிட்டது. ஸைட்கைஸ்ட்டும் அப்படித்தான். ஒரு காலத்தின் ஆன்மா என்று தத்துவவாதிகள் பேசிய சொல், இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் 'இப்போ எது டிரெண்ட்' என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. நம் பழவேற்காட்டுக்காரர்கள் அறிந்த கட்டுமரமும் ஆங்கிலத்தில் இரட்டை அடிப்பாகம் உள்ள படகாகிவிட்டதே! இதிலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் ஒரு ஜெர்மன் சொல் மாறியதில் நஷ்டம் உண்டு. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கே.ஜி. என்கிற கிண்டர்கார்டன்.

குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். 1840இல் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் வைத்த பெயர். வெறும் அலங்காரப் பெயரில்லை. பிள்ளைகளுக்கு நிஜமாகவே பாத்தி பிரித்துக் கொடுத்து விதைக்கவும் தண்ணீர் ஊற்றவும் விட்டார். கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டைகளும். ஜெர்மனியில் இன்றும் அது 3 வயது முதல் 6 வயது வரை விளையாடும் இடம். முறையாக எழுத்துக் கற்பது முதல் வகுப்பில்தான்.

அமெரிக்காவில் அந்தச் சொல் முதல் வகுப்புக்கு முந்தைய ஒரு வகுப்பைக் குறிக்கத் தொடங்கியது. நம்மிடம் வந்தபோது தோட்டம் உதிர்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியது. அதற்கும் முன்னால் எல், யூ என்று சேர்த்துப் படி கட்டினோம்.

அந்த மாணவனின் மகளுக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி. அன்றைய வீட்டுப்பாடம் ஏ முதல் இஸட் வரை இரண்டு தடவை, அப்புறம் 1 முதல் 50 வரை. பென்சிலை முஷ்டியால் பிடித்து எழுதிக்கொண்டே அழுததாம். அந்த வயது விரல்கள் பந்தை உருட்டவும் மண்ணைப் பிசையவும்தான் தயார். அந்தப் பழக்கம்தான் பின்னால் பென்சிலைச் சரியாகப் பிடிக்க வைக்கும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை 100 வரை எழுதுதே சார்" என்பீர்கள். ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் நான். மூன்று வயதில் எழுதியது யார், ஐந்து வயதில் எழுதியது யார் என்று என்னால் ஒருநாளும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

அடுத்த அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸ் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாட விடுவீர்கள்? எழுத்து வீட்டுப்பாடம் உண்டா? பதில் சரியில்லை என்றால், வாசலில் இருக்கும் கே.ஜி. வெறும் போர்டுதான்.