பெயரும் பொறுப்பும்

பாரதி 1904 முதல் 1910 வரை ‘சுதேசமித்திரன்’, ‘இந்தியா’ ஆகிய இரண்டுக்கும் ஆசிரியர் என்ற வாதம் தவறு. 1904இல் அவர் மித்திரனில் சேர்ந்தது உதவியாசிரியராக, ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பாரதி ஆசிரியரானது 1905இல், ‘சக்கரவர்த்தினி’ மாத இதழுக்கு.

‘இந்தியா’ 1906இல் சென்னையில் தொடங்கியது. அரசுப் பதிவில் ஆசிரியர் மு. சீனிவாசன், 1908இல் சிறை சென்றவரும் அவரே. நடத்தியவர் பாரதி. பதிவை மட்டும் நம்பினால் பாரதி மறைவார். பாரதியை மட்டும் எழுதினால் சீனிவாசனின் சிறைவாசம் மறையும். ஆகவே இருவரையும் தனித்தனிப் பொறுப்போடு குறிக்க வேண்டும்.

ஆண்டும் ஒரே கோடல்ல: சென்னையில் 1906–1908, இடைவெளிக்குப் பின் புதுச்சேரியில் 1908–1910. இரண்டாகவே எழுதுங்கள்.

— ஒரு வாசகர், வல்லக்கோட்டை