நாலு லட்சம் வாங்கினோம், ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் எப்படி ஆனது?

"படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டினால் போதும்." கல்விக் கடன் கேட்டுப் போகும் நம் பிள்ளைகளிடம் வங்கியில் சொல்லப்படும் இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. தவணை அப்போதுதான் தொடங்குகிறது. ஆனால் வட்டி, முதல் பணம் கல்லூரிக்குப் போன அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை யாரும் சொல்வதில்லை.

பொறியியல் படிக்க ஆண்டு தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு வாங்கிய லட்சம், படிப்புக்காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சேர்த்து ஐந்து ஆண்டு வட்டி சுமக்கிறது. அது 50,000 ரூபாய். அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000. முதல் தவணை நாளில் இந்தத் தொகை அசலோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு வட்டிக்கும் வட்டி. பத்தாண்டில் அடைப்பதென்றால் நான்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 5,290 ரூபாய் கட்டினால் போதும். இப்போதோ சுமார் 7,140 கட்ட வேண்டும். அதிலும் முதல் மாதத்தில் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டி வந்தால் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. யாருக்கு இந்தச் சலுகை? மாதாமாதம் கட்டப் பணம் உள்ள வீட்டுக்கு. கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை முழு வட்டியையும் கட்டுகிறது. இதை நாம் சலுகை என்று ஏற்க முடியாது.

நமக்கென்று உள்ள வழி, 2009 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசின் வட்டி மானியம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியில் தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்பு படித்தால், இந்தக் காலத்து வட்டியை அரசே கட்டுகிறது. கலைப் பாடம் படிப்பவர்களுக்கு இது கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்க வேண்டியவர்கள் நாம். மானியமும் தானாக வராது. வருமானச் சான்றிதழை நாம் கொடுக்க வேண்டும், வங்கி அதை வைத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். கிளை மேலாளர் மாறினால் அந்தத் தாள்தான் பேசும்.

இன்னொன்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி இந்தக் காலத்தில் தனிவட்டிதான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதமென்றால் மாத வட்டி ஏறக்குறைய 830 ரூபாய். மாதத்தின் நாட்களைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். புதுப் பணம் எதுவும் விடுவிக்காமல், வட்டி விகிதமும் மாறாமல், அந்தத் தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் கூட்டுவட்டி போடுகிறார்கள் என்று பொருள். கிளையில் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம்.