பார்க்காத கான்கிரீட்டுக்குத் 'திருப்தி'

வீட்டுக்கடன் வாங்கிக் கட்டுகிற நம்ம ஆட்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. "பேங்க் எஞ்சினியரே பார்த்து ஓகே சொல்லிட்டார், அப்புறம் என்ன?" எனக்கும் இருந்தது. இப்போது இல்லை.

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் என் வீட்டுக்குத் தரைத்தளக் கூரை போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். பத்து நிமிடம், நாலு போட்டோ. சர்டிபிகேட்டில் எழுதியது இவ்வளவுதான்: "தரைத்தளக் கூரை முடிந்தது. மொத்த வேலை 45 சதவீதம். தரம்: திருப்தி." அடுத்த தவணைப் பணமும் வந்துவிட்டது.

14ஆம் நாள் பீமுக்கு அடியில் சென்ட்ரிங் பிரித்தார்கள். பீமும் தூணும் சேருகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தேன்கூடு மாதிரி ஓட்டை. உள்ளே கம்பி பல்லிளிக்கிறது. அங்கே கம்பி நெருக்கம். வைப்ரேட்டர் இறங்கவில்லை, பலகை இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் ஒழுகிவிட்டது. மேஸ்திரி, "பூசிட்டா தெரியாது சார்" என்றார். தெரியாதுதான். கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும்வரை!

இப்போது என் கேள்வி. அந்த வியாழக்கிழமை பீமின் அடிப்பக்கம் முழுக்கப் பலகைக்குள் இருந்தது. கம்பி கான்கிரீட்டுக்குள் இருந்தது. அப்படியென்றால் அவர் எதைப் பார்த்துத் 'திருப்தி' அடைந்தார்?

"அவர் வங்கியின் பணத்துக்குக் காவல், உங்கள் வீட்டுக்கு அல்ல" என்பார்கள். நியாயமான பதில்தான். கொடுக்கிற பணத்துக்கு வேலை நடந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வீட்டுக்கடனைக் கட்டுமான நிலைகளோடு பிணைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சொன்னதும் பணத்தைப் பற்றித்தான். சரி, அப்படியானால் 'தரம்' என்ற வரி அங்கே எதற்கு? எடுத்துவிடுங்கள். அல்லது உண்மையை எழுதுங்கள்: "கூரையின் மேல்பரப்பில் விரிசல் தென்படவில்லை. அடிப்பக்கம் சென்ட்ரிங்கில் உள்ளது, பார்க்கவில்லை. கம்பி கட்டியதைப் பார்க்கவில்லை." மூன்று வரி. இதைப் படித்திருந்தால் நான் அன்றைக்கே உஷாராகியிருப்பேன்.

என் பீமைப் பிறகு ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வந்து பார்த்தார். சுத்தியலால் தட்டி, பொத்தலாகச் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் கெட்டிக் கான்கிரீட் வரும்வரை கொத்தச் சொல்லி, சுருங்காத கிரவுட் ஊற்றவைத்தார். செலவு என்னுடையது.

முதல் மாடிக் கூரைக்கு அவரையே கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் கூப்பிட்டேன். ஸ்லாப் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் பல இடத்தில் இல்லை. பால்கனியின் மேல்கம்பி ஆட்கள் மிதித்துக் கீழே இறங்கியிருந்தது. பால்கனியைத் தாங்குவதே அந்த மேல்கம்பிதான். அரை மணி நேரத்தில் சரிசெய்தாகிவிட்டது. மறுநாள் என்றால் எந்த சர்டிபிகேட்டாலும் முடியாது.

வங்கிக்காரர் கான்கிரீட் போட்ட பிறகுதான் வருவார். நீங்கள் அதற்கு முந்தைய நாள் போய் நில்லுங்கள்.