அமல்கம் போகிறது, நாற்காலியில் என்ன சொல்லப் போகிறோம்?

மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, பல் நிரப்பலில் அமல்கத்தின் பயன்பாட்டை 2034க்குள் முடிவுக்குக் கொண்டுவர இணங்கியுள்ளன. 15 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்ற திருத்தம் 2022இலேயே வந்துவிட்டது. இவ்விதழ் புதிய முடிவை ஆதரிக்கிறது. கிளாஸ் அயனோமர் கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் அமல்கம் போலத் தாங்காது என்பதும், கொம்பொசிற்றுக்கு ஈரமற்ற களம் வேண்டும் என்பதும் வாசகர் அறிந்தவையே. அந்த விவாதம் இன்னும் பல இதழ்களுக்கு நீளும். ஆனால் நிரப்பும் வேலைக்குச் செலவும் நேரமும் கூடும்போது, நிரப்பத் தேவை வராமல் காக்கும் பேச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. கண்டியைச் சுற்றியுள்ள பல சிகிச்சை நிலையங்களில் அது, "ஒழுங்கா விளக்கலேன்னா எல்லாப் பல்லும் கொட்டிப்போகும்" என்ற ஒற்றை வசனத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த வசனம் உண்மையல்ல என்பதற்கு ஆதாரம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970இல் நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பிரஷ் பழக்கமோ பற்சிகிச்சையோ இல்லாதவர்கள் அவர்கள். எல்லோருக்கும் பற்படலமும் காறையும் முரசு அழற்சியும் இருந்தன. ஆனாலும் 1986இல் வெளியான முடிவின்படி, வேகமாகப் பற்றாங்கு திசு இழந்தவர்கள் 8 சதவீதத்தினர். மிதமான வேகத்தில் இழந்தவர்கள் 81 சதவீதத்தினர். முரசு அழற்சியைத் தாண்டி எதுவும் முற்றாதவர்கள் 11 சதவீதத்தினர். அந்தத் தொழிலாளர் எல்லோரிடமுமே சூத்தை ஏறக்குறைய இருக்கவில்லை. இன்றைய சீனி உணவில் அந்த நிலை தொடராது என்பது வேறு விடயம். ஆனால் பிரஷ்ஷைத் தொடாமலே கடைசிவரை பல்லோடு வாழ்ந்த தாத்தா இந்தத் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உண்டு. எல்லாப் பல்லும் கொட்டும் என்று நாம் சொல்லும் கணத்தில் நோயாளி அவரை நினைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு நாம் சொல்லும் சரியான விடயங்களும் அவரிடம் ஏறுவதில்லை.

பயமுறுத்தல் பலிக்குமா என்ற கேள்வி நமது துறையிலேயேதான் முதலில் சோதிக்கப்பட்டது. 1953இல் ஜேனிஸும் ஃபெஷ்பாக்கும் அமெரிக்க உயர்பாடசாலை மாணவருக்கு வாய்ச்சுகாதாரம் பற்றி மூன்று அளவில் பயமூட்டும் 15 நிமிட உரைகளை வழங்கினார்கள். கடுமையாக அச்சுறுத்திய உரையைக் கேட்டவர்கள்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். ஆனால் ஒரு வாரத்தின் பின் பழக்கத்தில் நிகர மாற்றம் அந்தக் குழுவில் 8 சதவீதம், மிகக் குறைவாகப் பயமூட்டிய குழுவில் 36 சதவீதம். முகம் வெளிறுவதைப் பார்த்து உரை வேலை செய்துவிட்டது என்று நினைக்கும் நமது பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம். பின்வந்த ஆய்வுத் தொகுப்புகள் பயமும் பலிக்கும் என்று காட்டியுள்ளனவே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவை, தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் சேரும்போதே பயம் பலமாகப் பலிக்கிறது என்கின்றன. 1965இல் லெவந்தாலின் குழு ஏற்புவலித் தடுப்பூசியை வைத்துச் சோதித்தபோது, ஊசி போட்டுக்கொண்டோர் விகிதத்தைக் கிட்டத்தட்ட 3இலிருந்து 28 சதவீதமாக உயர்த்தியது, எங்கே, எப்போது, எந்த வழியால் போவது என்ற குறிப்பான திட்டம். பயத்தின் அளவைக் கூட்டியது அந்த எண்ணை அசைக்கவில்லை. கொஞ்சம் கவலை இருந்தால் போதும்; நாற்காலியில் வந்து உட்காருபவர் அதைக் கையோடு கொண்டுவருகிறார்.

ஆகவே நாம் கொடுக்க வேண்டியது படிகள். கொழுந்து பறிக்கும் ஒரு தாய், முரசில் இரத்தம் வருகிறது என்று வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில், "வீட்டுல எப்படி விளக்குவீங்களோ அப்படியே காட்டுங்க" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுக்க வேண்டும். குறுக்கே இழுப்பதா, கீழ்ப்பல்லின் உட்பக்கம் விடுபடுகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு வாசகம்: "பிரஷ்ஷைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கம்மா. நார் பாதி பல்லு மேல, பாதி ஈறு மேல இருக்கட்டும். இழுக்காம அதே இடத்துல லேசா ஆட்டிக்கிட்டே பத்து எண்ணுங்க. அப்புறம் அடுத்த ரெண்டு பல்லு. வலது பக்கம் கடைசியில ஆரம்பிச்சு வெளிப்பக்கம் முழுக்க, பிறகு உள்பக்கம், கடைசியா மெல்லுற பக்கம். ராத்திரி படுக்கப் போறப்போ கட்டாயம் ஒரு தரம், காலையில ஒரு தரம். பேஸ்ட்டைத் துப்பினா போதும், தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேணாம்." அடுத்து வருவதுதான் முக்கியமான வரி: "ரத்தம் வர்ற இடத்தை விட்டுறாதீங்க. அங்கதான் மெதுவா விளக்கணும். ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும். அப்பவும் அதே இடத்துல வந்தா திரும்பி வாங்க, காறையை எடுத்துவிடுறோம்." இறுதியில் அவர் மறுபடி செய்து காட்ட வேண்டும். மகனும் கூட வந்திருந்தால் ஒரு வரி சேர்க்கலாம்: ஏழெட்டு வயதுவரை அம்மாவே பின்னால் நின்று பிள்ளையின் தலையைச் சாய்த்து விளக்கிவிட வேண்டும், பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு.

இரத்தம் பற்றிய அந்த வரியில்தான் பயமுறுத்தல் நேரடியாகத் தீங்கு செய்கிறது. பல் ஆடி விழும் என்று கேட்டுப் போனவர், சிவப்பைக் கண்டதும் அது தொடங்கிவிட்டது என்று எண்ணி அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார். பற்படலம் அங்கேயே தடிக்கிறது. லோ 1965இல் வெளியிட்ட சோதனையில் 12 பேர் துலக்குவதை நிறுத்தியபோது 10 முதல் 21 நாட்களில் அழற்சி வந்தது; மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிந்தது. இந்த நல்ல செய்தி நம் கையில் இருக்கும்போது மிரட்டலை ஏன் நீட்டுகிறோம்? பாஸ் முறைதான் சிறந்தது என்று நிறுவப்படவில்லையே என்று கேட்கலாம். உண்மை. விடுபடும் இடம் எது என்று காட்டுவதும், ஒரே வரிசையைப் பழக்குவதும்தான் இங்கே நோக்கம். முறையின் பெயருக்காக யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். வாய்ப்புற்று நமது ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் நாட்டில் எச்சரிக்காமல் இருப்பதா என்பது கனமான ஆட்சேபம். வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் அது தனிப் பேச்சு. புற்றுப் புண்ணின் படத்தைக் காட்டிவிட்டு அதே மூச்சில் பிரஷ்ஷைச் சாய்க்கச் சொன்னால் மனதில் நிற்பது படம் மட்டுமே.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பவர்களுக்கு: மேலேயுள்ள வாசகம், செய்து காட்டுவதோடு சேர்த்து, ஐந்து நிமிடத்துக்குள் முடியும். அந்த ஐந்து நிமிடத்தை யார் மதிக்கிறார்கள் என்பதுதான் நமது பழைய மனக்குறை. இதே மலைகளின் தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்து நாற்பது ஆண்டுகளாக உலகப் பாடநூல்களுக்கு எண்கள் போயின. 2010 வரையும் அளந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் மொழியில் ஒரு பக்க வாசகம் எழுதிக் கொடுக்க எந்த அதிகாரிக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஜெனீவா முடிவை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கைகள் வரும், மாற்றுப் பொருட்களுக்குக் கேள்விப்பத்திரங்கள் கோரப்படும், பயிற்சிப் பட்டறைகள் நடக்கும். கற்பிப்பதை மட்டும் செலவில்லாத வேலை என்று எண்ணி நமது நல்ல மனதுக்கே விட்டுவிடுவார்கள். மாதாந்த அறிக்கையில், துலக்கும் முறையைச் செய்து காட்டி நோயாளி திருப்பிச் செய்ததைப் பார்த்த தடவைகளுக்கு ஒரு நிரல் வேண்டும் என்று சுகாதார அமைச்சிடம் கோருகிறோம். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். கம்பளை, புசல்லாவை, தெல்தெனிய, ஹந்தானை என்று எங்கே பணியாற்றினாலும், இந்த வாசகத்தை உங்கள் பகுதி மக்களின் பேச்சுக்கு மாற்றி எழுதி, ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, எந்த வரியில் நோயாளிகள் தடுமாறினார்கள் என்று எமக்கு எழுதுங்கள்.